ஏழரைக்கா, எட்டரைக்கா? டேலைட் சேவிங் கேள்வி பதில்

தரமணியிலிருந்து: எங்கள் செவ்வாய்க்கிழமை மீட்டிங் எப்போதும் இரவு 8:30. மார்ச் 10 அன்று 7:30க்கே ஆரம்பித்துவிட்டார்கள். நேரம் மாறியதாக ஒரு மெயில்கூட வரவில்லை. யார் சார் மாற்றியது?

யாரும் மாற்றவில்லை, அதனால்தான் மெயில் வரவில்லை. மீட்டிங்கைப் போட்டவர் நியூயார்க்கில் இருக்கிறார். காலை 10 மணி என்று போட்டார், அவருக்கு அன்றும் 10 மணிதான். 2026 மார்ச் 8, ஞாயிறு அதிகாலையில் கோடைக்காக அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது, இதுதான் டேலைட் சேவிங். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இருந்த பத்தரை மணி நேர இடைவெளி ஒன்பதரை ஆனது. நவம்பர் 1 வரை இப்படித்தான். அதன்பிறகு வரும் செவ்வாயிலிருந்து மறுபடி 8:30.

திசையில்தான் பலர் குழம்புகிறார்கள். அவர்கள் கடிகாரம் முன்னே போனால், மீட்டிங்கும் நமக்குத் தள்ளிப்போகும் என்று நினைக்கிறார்கள். போகாது. மார்ச்சில் நமக்குச் சீக்கிரம் வரும், நவம்பரில் தாமதமாகும்.

ஒரு மீட்டிங் எந்த ஊர்க் கடிகாரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால், அழைப்போடு வரும் `.ics` கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள்.

```
DTSTART;TZID=America/New_York:20260113T100000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=TU
```

`TZID`க்குப் பக்கத்தில் நியூயார்க் இருந்தால் நமக்கு நகரும். `Asia/Kolkata` இருந்தால் (அவுட்லுக் `India Standard Time` என்று எழுதும்) நமக்கு அசையாது, அவர்களுக்கு நகரும்.

பெருங்குடி: இந்த வாரம் எங்கள் மீட்டிங் எத்தனை மணிக்கு?

எந்த ஊரோடு, யார் போட்டது என்று சொல்லாமல் என்னால் சொல்ல முடியாது.

கோவை வாசகி: நியூயார்க், லண்டன், சென்னை மூன்றும் சேரும் மீட்டிங். நியூயார்க்கில் 10, லண்டனில் மதியம் 3. மார்ச்சில் லண்டன்காரர் மட்டும் ஒரு மணி நேரம் கழித்து வந்தார், அடுத்த வாரமும் அப்படியே. மேனேஜர் அவரைக் கடிந்துகொண்டார். அவர் மேல் தப்பா?

பாதி. இன்றைய கேள்விகளில் இதுதான் நல்ல கேள்வி மேடம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு மாறுகிறது. பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறுதான் மாறுகின்றன. இந்த ஆண்டு அது 29ஆம் தேதி. நடுவே மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைவெளி ஐந்து மணி அல்ல, நான்கு. மார்ச் 3 அன்று நியூயார்க் 10, லண்டன் 3, சென்னை 8:30. மார்ச் 10, 17, 24 மூன்று செவ்வாயும் நியூயார்க் 10, லண்டன் 2, சென்னை 7:30. மார்ச் 31 அன்று லண்டன் மறுபடி 3; சென்னை 7:30லேயே நிற்கும். நமக்கு ஒருமுறை மாறி நிலைத்துவிடும். லண்டன்காரருக்கு மூன்று வாரம் மட்டும் மாறி, பழையபடி ஆகிவிடும். அக்டோபரிலும் இது உண்டு, ஆனால் ஒரு வாரம்தான். அக்டோபர் 27 அன்று மட்டும் லண்டனுக்கு 2 மணி.

அவருடைய காலண்டர் 2 என்று சரியாகவே காட்டியிருக்கும். அப்படியும் ஏன் 3 மணிக்கு வந்தார்? மீட்டிங்கின் தலைப்பைப் பாருங்கள், பந்தயம் கட்டுகிறேன், அதில் "3 PM London" என்று இருக்கும். காலண்டர் நகரும், தலைப்பில் டைப் அடித்தது நகராது. தலைப்பில் நேரம் போடாதீர்கள் என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாற்றத்துக்கு முந்தைய வாரமே ஒரு மெயில் போடுங்கள். "ஒரு மணி நேரம் முன்னால் போகிறது" என்று எழுத வேண்டாம், ஆளுக்கொரு திசையில் புரிந்துகொள்வார்கள். எது மாறாது என்பதை முதலில் சொல்லுங்கள்: "நியூயார்க்கில் 10 மணி, மாற்றமில்லை. லண்டனில் மார்ச் 10, 17, 24 மட்டும் 2 மணி. சென்னையில் மார்ச் 10 முதல் 7:30." தேதியோடு எழுதினால் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை.

அம்பத்தூர்: அமெரிக்காவில் இதையெல்லாம் நிறுத்திவிட்டார்களே? 2022லேயே சட்டம் வந்துவிட்டதே?

பாதி சரி. 2022 மார்ச்சில் செனட் நிறைவேற்றியது, பிரதிநிதிகள் சபை நிறைவேற்றவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2019இல் நிறுத்தலாம் என்று வாக்களித்தது, உறுப்பு நாடுகள் உடன்படவில்லை. இரண்டு இடத்திலும் கடிகாரம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

சோழிங்கநல்லூர்: இதற்கு இவ்வளவு பேச்சா? 10 AM EST என்று போட்டால் எல்லாருக்கும் புரிகிறது. பல வருஷமாக அப்படித்தான் போடுகிறேன்.

ஆட்களுக்குப் புரியும், கணக்குப் போடும் தளங்களுக்குப் புரியாது. EST என்பது நியூயார்க்கின் குளிர்கால நேரம், கோடையில் EDT. ஜூலையில் வரும் "10 AM EST"யைப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அப்படியே தட்டினால் சென்னை 8:30 என்று விடை வரும். நீங்கள் நினைத்தது 7:30. இரண்டுக்கும் பொதுவாக ET என்று எழுதுங்கள், இல்லையென்றால் நேராக ஊர் பெயரை எழுதுங்கள்.

சோழிங்கநல்லூர், மறுபடி: அமெரிக்கர்களே கோடையிலும் EST என்றுதான் எழுதுகிறார்கள். அவர்களைப் போய்த் திருத்துங்களேன்.

அவர்கள் ஊருக்குள் எழுதிக்கொள்ளட்டும், எல்லாரும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள். நாம் வெளியிலிருந்து கணக்குப் போடுகிறோம்.

டப்ளினிலிருந்து: இடையில் நுழைகிறேன் அண்ணா. EST பரவாயில்லை, IST தான் எங்களுக்குத் தலைவலி. இங்கே கோடையில் IST என்றால் ஐரிஷ் நேரம். சென்னை டீம் "5 PM IST" என்று போட்டது, இங்கே பாதிப் பேர் மாலை 5 மணிக்கு உட்கார்ந்தார்கள். அப்போது சென்னையில் இரவு 9:30.

அருமை தம்பி, சோழிங்கநல்லூர்க்காரர் கவனிக்கவும். சென்னைக்கு மாலை 5 என்றால் உங்களுக்குக் கோடையில் மதியம் 12:30. இஸ்ரேலோடு வேலை செய்கிறவர்களுக்கும் இதே IST வம்பு உண்டு.

சோழிங்கநல்லூர்: எங்களுக்கு டப்ளினில் ஆள் இல்லை. நான் EST தான் போடுவேன்.

போடுங்கள்.

திருச்சி: எங்கள் கிளையண்ட் ஃபீனிக்ஸில். லிஸ்டில் Mountain Time தேர்ந்தெடுத்தேன், மார்ச்சில் குழப்பமாகிவிட்டது.

அரிசோனாவில் நவாஹோ பகுதி தவிர கடிகாரம் மாறாது. லிஸ்டில் `Arizona` என்று தனியாக இருக்கும், அதைப் போடுங்கள். வருஷம் முழுக்கப் பன்னிரண்டரை மணி நேர இடைவெளிதான். விண்டோஸ் லிஸ்டில் லண்டனுக்கும் இப்படி ஒரு பொறி உண்டு: `Monrovia, Reykjavik` மாறாது, `Dublin, Edinburgh, Lisbon, London` மாறும்.

சிறுசேரி: ஷிஃப்ட் ஒரு மணி நேரம் மாறினால் கேப் பிக்கப்பும் தானாக மாறுமா?

டிரான்ஸ்போர்ட் டெஸ்கில் கேளுங்கள்.

மதுரை: நம் பக்கம் நேரம் மாறுவதே இல்லை. எனவே எல்லா மீட்டிங்கையும் நாமே சென்னை நேரத்தில் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

நமக்குத் தீரும். இரவு 7:30 என்று நிலையாகப் போட்டால் நியூயார்க்கில் கோடைக்கு 10, குளிர்காலத்துக்கு 9. அங்கே 9 மணிக்கு வேறு மீட்டிங் இருந்தால் நவம்பரில் மோதும், "இந்தியா நேரத்தை மாற்றிவிட்டது" என்பார்கள். என் பழக்கம், எந்தப் பக்கம் நாள் இறுக்கமோ அந்த ஊர்க் கடிகாரத்தில் போடுவது. இரவு 8:30 நமக்கு இழுபடுகிறது, பிள்ளைகளைத் தூங்கவைக்கிற நேரம், அதனால் சென்னையில் நிறுத்துங்கள் என்கிறவர்கள் சொல்வதும் நியாயமே. இதை உங்கள் டீமில்தான் பேச வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அழைப்பின் உள்ளே, தலைப்பில் அல்ல, இதுபோல் ஒரு வரியை வையுங்கள். நியூயார்க் நேரத்தில் போட்டால் இப்படி:

```
Tue 10:00 New York (Chennai 19:30 till 27 Oct, 20:30 from 3 Nov)
```

வேளச்சேரி: சார், இந்த வாரம் மீட்டிங் ஏழரைக்கா, எட்டரைக்கா?

பெருங்குடிக்குச் சொன்ன பதில்தான்.