பதவி உயர்வுக்கான ரெஸ்யூமேயில் எந்த எண்ணை எழுதுவது?

கேள்வி: "கிருஷ்ணகிரியில் ஒரு உணவு பதப்படுத்தும் கம்பெனியில் ஏழு வருடமாக டேட்டா அனலிஸ்ட். சீனியர் பதவிக்கு ரெஸ்யூமே கேட்டிருக்கிறார்கள். எஸ்க்யூஎல், எக்செல், பவர் பிஐ எல்லாம் எழுதிவிட்டேன். செய்ததை எண்ணில் காட்டு என்கிறார் மேனேஜர். வேலை செய்யும்போது எதையும் குறித்து வைக்கவில்லை, இப்போது எண்ணுக்கு எங்கே போவது?"

நீங்கள் குறித்து வைக்காவிட்டாலும் உங்கள் டேட்டாபேஸ் குறித்து வைத்திருக்கும். கேட் என்ட்ரி, எடைச் சீட்டு, பில், ஸ்டாக் என்று எல்லாவற்றிலும் தேதியும் நேரமும் விழுந்திருக்கிறது. நீங்கள் கை வைப்பதற்கு முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது என்று அதையே கேட்கலாம். எண்ணை எடுப்பது பெரிய வேலை இல்லை. எடுத்த எண் உங்களுடையதுதான் என்று நாலு பேர் முன்னால் நிற்க வைப்பதுதான் வேலை. அதில் நான் ஒரு முறை தவறி, ஒரு வருடத்தை இழந்தேன். அதனால் அந்த ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில். ஜூன், ஜூலையில் பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கும்போது கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் லாரியும் டெம்போவும் வரிசை கட்டி நிற்கும், டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே துண்டை விரித்துத் தூங்குவார்கள். 2022 சீசன் முடிந்ததும் கேட் பதிவையும் எடை மேடைச் சீட்டையும் லாரி எண், தேதி வைத்து இணைத்து, எந்த மணிக்கு எத்தனை வண்டி வருகிறது என்று ஒரு அட்டவணை போட்டேன். காலையில் பறித்து மதியம் ஏற்றுவதால் பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் மாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் வந்து குவிந்தன, காலை நேரத்தில் இறக்கும் மேடை சும்மா கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கொள்முதல் மேனேஜர் 2023-இல் ஒவ்வொரு மண்டிக்கும் நேரம் குறித்து டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார். காத்திருப்பு குறைந்தது. இதுதான் நான் ரெஸ்யூமேயில் எழுத நினைத்த வேலை.

எழுதுவதற்காக ஓட்டிய குவெரி கிட்டத்தட்ட இதுதான் (எங்களிடம் இருப்பது போஸ்ட்கிரெஸ்):

```sql
SELECT EXTRACT(YEAR FROM gate_in) AS yr,
       COUNT(*) AS loads,
       PERCENTILE_CONT(0.5) WITHIN GROUP (
         ORDER BY EXTRACT(EPOCH FROM (tare_time - gate_in)) / 60
       ) AS mid_min
FROM weigh_slip
WHERE TO_CHAR(gate_in, 'MMDD') BETWEEN '0601' AND '0731'
  AND tare_time IS NOT NULL
GROUP BY 1
ORDER BY 1;
```

`gate_in` என்பது வண்டி கேட்டுக்கு வந்த நேரம், `tare_time` என்பது சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியை எடை போட்ட நேரம். சராசரியை எடுக்காமல் நடு மதிப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ராத்திரி மெஷின் நின்றால் பத்து வண்டி மறுநாள் காலை வரை நிற்கும், அந்தப் பத்து வண்டி சேர்ந்து மாதச் சராசரியையே இழுத்துக்கொண்டு போய்விடும். நடு மதிப்பு அவ்வளவு எளிதில் ஆடாது. உங்களுடையது மைஎஸ்க்யூஎல் என்றால் `PERCENTILE_CONT` கிடையாது, `ROW_NUMBER` போட்டு வரிசையாக எண் கொடுத்து நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும்.

தேதி வரம்பையும் கவனியுங்கள். டோக்கன் வந்ததற்கு முந்தைய மாதம், பிந்தைய மாதம் என்று எடுத்திருந்தால் எண் பிரமாதமாக வந்திருக்கும், ஆனால் அது பொய். ஆகஸ்டில் வரத்தே வடிந்துவிடும், டோக்கன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிசை இருக்காது. சீசன் தொழிலில் ஜூனை ஜூனோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டிகளின் எண்ணிக்கையையும் அதே குவெரியில் எடுத்தது இதற்காகத்தான், வரத்து குறைந்ததால் காத்திருப்பு குறைந்ததா என்று யாராவது கேட்டால் பதில் வேண்டும் அல்லவா.

2022-இல் 250 நிமிடம், 2023-இல் 155 நிமிடம் என்று வந்தது. 38 சதவீதம் குறைவு. சந்தோஷமாக அப்படியே எழுதினேன்: "லாரி காத்திருப்பு நேரத்தை 38% குறைத்தேன்." பதவி உயர்வு நேர்காணலில் ஆலைத் தலைவர் அந்த வரியைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த வருஷம்தானேப்பா ரெண்டாவது எடை மேடை போட்டோம், அதுவும் இதுல சேர்ந்திருக்கா?" சேர்ந்திருந்தது. பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் என் மற்ற வரிகளில் இருந்த சரியான எண்களையும் அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. பதவி கிடைக்கவில்லை.

அடுத்த முறை எழுதுவதற்கு முன் இதைத்தான் சரி செய்தேன். இரண்டாவது எடை மேடை 2023 ஜூலை 11-இல் ஓட ஆரம்பித்தது, டோக்கன் ஜூன் 1-லிருந்தே இருந்தது. அப்படியானால் ஜூன் 1 முதல் ஜூலை 10 வரை நடந்த மாற்றத்தில் எடை மேடைக்குப் பங்கில்லை. குவெரியில் `'0731'` என்பதை `'0710'` என்று மாற்றி ஓட்டினேன். 245 நிமிடம் 180 ஆகியிருந்தது. வண்டிகள் 1,840-இலிருந்து 1,910 ஆகக் கூடியிருந்தன, ஆக வரத்து குறையவில்லை. 65 நிமிடம், அதாவது 27 சதவீதம். 38-ஐ விடச் சின்ன எண்தான், ஆனால் எத்தனை பேர் எப்படித் திருப்பிக் கேட்டாலும் நிற்கிற எண்.

உங்களுக்கும் இப்படி ஒன்று கண்டிப்பாக இருக்கும். நீங்கள் ரிப்போர்ட் கொடுத்த அதே நேரத்தில் புது மெஷின் வந்திருக்கும், ஷிஃப்ட் மாறியிருக்கும், விலை மாறியிருக்கும். அது எந்தத் தேதியில் வந்தது என்று உற்பத்திப் பிரிவில் கேட்டுக்கொண்டு, அது வராத நாட்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். நாட்களைப் பிரிக்க வழியில்லை என்றால் "டோக்கன் முறையும் புது எடை மேடையும் சேர்ந்து" என்று வரியிலேயே எழுதிவிடுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

இன்னொன்று, பழைய எண்ணே சரியான எண்ணா என்று பார்க்க வேண்டும். எங்கள் கேட்டில் 2022 வரை வாட்ச்மேன் நோட்டில்தான் எழுதுவார், ஆபரேட்டர் அதைப் பார்த்து அப்புறம் டைப் செய்வார். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன குவெரி போதும்:

```sql
SELECT EXTRACT(MINUTE FROM gate_in) AS mm, COUNT(*)
FROM weigh_slip
GROUP BY 1
ORDER BY 2 DESC;
```

உண்மையான நேரமாக இருந்தால் அறுபது நிமிடங்களிலும் வண்டிகள் ஏறக்குறைய சமமாகப் பரவி இருக்கும். எங்களுடையதில் 2022-ஐ மட்டும் எடுத்துப் பார்த்தால் 00-இலும் 30-இலும் மலை மாதிரி குவிந்திருந்தது. கண்ணால் பார்த்து அரை மணிக்கு அரை மணி எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்தது. அப்படி முழுதாக்கி எழுதியதால் நடு மதிப்புக்குப் பெரிய சேதம் இல்லை, சில வண்டிக்கு முன்னே போகும், சில வண்டிக்குப் பின்னே போகும். வண்டி எடை மேடைக்கு வந்த பிறகுதான் `gate_in` பதிந்திருந்தார்கள் என்றால்தான் ஆபத்து, ஏனென்றால் ரோட்டில் நின்ற நேரமே கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கும். அதைச் சரிபார்க்கப் பழைய நோட்டை வாங்கி வந்து 40 சீட்டுகளை ஒன்றொன்றாக ஒப்பிட்டேன், 37 பொருந்தின. அந்த நோட்டின் ஓரமெல்லாம் மாம்பால் கறை படிந்திருந்தது, இன்னும் நினைவிருக்கிறது. `tare_time` காலியாக இருந்த வண்டிகளையும் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். காத்திருந்து வெறுத்துப்போய் சரக்கோடு திரும்பிய வண்டிகள் அவைதான், முந்தைய வருடம் அவை அதிகமாக இருந்தால் உங்கள் வேலையின் பலன் குவெரி காட்டுவதை விடக் கூடுதலாகவே இருக்கும்.

சரி, இப்போது வரிக்கு வருவோம். இரண்டாம் முறை நான் எழுதியது இது:

"கேட் பதிவையும் எடைச் சீட்டையும் எஸ்க்யூஎல்லில் இணைத்து (ஒரே நாளில் இரண்டு முறை பதிவான லாரிகளை `ROW_NUMBER` கொண்டு நீக்கி) வண்டி வரும் நேரத்தை ஆராய்ந்தேன். அதன் அடிப்படையில் கொள்முதல் பிரிவு மண்டிவாரி நேர டோக்கனை 2023-இல் கொண்டுவந்தது. ஜூன் 1 முதல் ஜூலை 10 வரை, முந்தைய சீசனின் அதே நாட்களோடு ஒப்பிட, லாரி காத்திருப்பு நடு மதிப்பு 245 நிமிடத்திலிருந்து 180 நிமிடம் ஆனது."

"நான் குறைத்தேன்" என்பது போய்விட்டது பாருங்கள். டோக்கன் கொடுத்தது கொள்முதல் மேனேஜர், வாட்ச்மேனோடு மல்லுக்கட்டியதும் அவர். நான் செய்தது அவர் அந்த முடிவை எடுக்க வைத்த அட்டவணை. ஜூனியராக இருக்கும்போது "டாஷ்போர்டு செய்தேன்" என்றால் போதும். சீனியர் பதவிக்கு உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பது, உங்கள் வேலையால் யார் என்ன முடிவை மாற்றினார்கள் என்பதை. அந்த ஆளின் பெயரையோ பிரிவையோ வரியில் வைத்தால் அவரையே கூப்பிட்டுக் கேட்பார்கள், அது உங்களுக்கு நல்லதுதான். ஆனால் ரெஸ்யூமே கொடுப்பதற்கு முன் அவரிடம் அந்த வரியைக் காட்டிவிடுங்கள். நான் காட்டியபோது "நேரம் மட்டும் இல்ல, அழுகல் கழிவும் குறைஞ்சுது, அதையும் பாரு" என்றார். பார்த்தேன், ஆனால் அந்த வருடம் பழத்தின் தரமே வேறாக இருந்ததால் பிரிக்க முடியவில்லை, எழுதாமல் விட்டுவிட்டேன்.

எஸ்க்யூஎல் என்ற சொல் வரிக்குள் வேலையோடு சேர்ந்து வந்துவிட்டால் கீழே "திறன்கள்" பட்டியலில் அதற்கு நட்சத்திரம் போடத் தேவையே இல்லை. `ROW_NUMBER` என்று எழுதியதால் நேர்காணலில் ஐடி ஆள் "ஏன் `DISTINCT` போடல?" என்று கேட்டார், இரண்டு பதிவிலும் நேரம் வேறு வேறாக இருந்ததால் `DISTINCT` இரண்டையும் வைத்துக்கொள்ளும் என்று சொன்னேன், அங்கேயே அந்தப் பேச்சு முடிந்தது. பதில் சொல்ல முடிகிற அளவுக்கு மட்டும் வரியில் எழுதுங்கள்.

ரூபாயில் எழுதச் சொல்வார்கள். லாரிக்கு மணிக்கு இவ்வளவு வெயிட்டிங் சார்ஜ் என்று நீங்களாகப் பெருக்கி லட்சக்கணக்கில் எழுத வேண்டாம். எங்கள் அக்கவுண்ட்ஸில் கேட்டபோதுதான் பாதி மண்டிகளுக்கு வெயிட்டிங் சார்ஜே கொடுப்பதில்லை என்று தெரிந்தது. அவர்கள் லெட்ஜரில் இருந்து கொடுக்கும் தொகை இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் நிமிடத்தோடு நிறுத்துங்கள். இதே ரெஸ்யூமேயை ஓசூர், பெங்களூர் என்று வெளியே அனுப்பினால் வண்டி எண்ணிக்கை, மண்டி விவரமெல்லாம் எடுத்துவிட்டுச் சதவீதம் மட்டும் வையுங்கள், அவை கம்பெனியின் தகவல்.

ஏழு வருடத்தில் இப்படி மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் குவெரி, ஓட்டிய தேதி, வந்த எண் மூன்றையும் ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே ஆரம்பியுங்கள், ஏனென்றால் பல இடங்களில் சாஃப்ட்வேர் மாற்றும்போது பழைய சீசன் பதிவுகளை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள், அப்புறம் முந்தைய எண்ணுக்காக ஐடி பிரிவின் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.