பழைய தட்டையின் பக்கத்தில் புதிய தட்டை

வணக்கம். வீட்டிலேயே தட்டை போட்டு எட்டு வருடமாக விற்கிறோம். மாதாமாதம் வாங்குகிறவர்கள் இருநூறு பேருக்கு மேல். இப்போது புதினா தட்டை கொண்டுவருகிறோம். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப 20 நொடி வீடியோ எடுக்க வேண்டும். அதில் எதைக் காட்டுவது?
– ச., சேலம்

அன்புள்ள ச.,

உங்கள் பழைய தட்டையின் ருசி இந்த இருநூறு பேர் நாக்கிலும் இருக்கிறது. புதியதை அதோடு ஒப்பிட்டுச் சொன்னாலே போதும். "பழையதை விடக் காரம் குறைவு, புதினா வாசனை கடைசியில் வரும்" என்றால் அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். முதல்முறை வாங்குகிறவருக்கு அது எதுவும் சொல்லாது.

ஆகவே முதல் 3 நொடியில் பழைய பாக்கெட் மட்டும் தெரியட்டும். ஒரு கை அதன் பக்கத்தில் புதியதை வைக்கட்டும். அடுத்த 6 நொடி, அரைத்த புதினா மாவில் சேர்வதும், தட்டிய பச்சை வட்டம் எண்ணெயில் இறங்குவதும். இந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள். பொரித்ததும் புதினாவின் பச்சை மங்கி, பழுப்பு கலந்த நிறமாகிவிடும். வெந்ததை மட்டும் காட்டினால், உங்கள் பழைய தட்டையின் நிறம் பழகிய கண்ணுக்கு அது கருகியதாகத் தோன்றும். வெந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் இரண்டு தட்டையும் ஒரே நிறமாகிவிடும்.

பிறகு 4 நொடி, உடைக்கும் சத்தம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து, அன்று போட்ட தட்டையை உடையுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம், மொறுமொறுப்பை அது விழுங்கிவிடும்.

அடுத்த 4 நொடியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். "புதுசு" என்று மட்டும் பார்த்த வாடிக்கையாளரின் முதல் பயம், பழையதை நிறுத்திவிட்டார்களோ என்பது. வீடியோ போன பிறகு "பழைய தட்டை இனி கிடைக்காதா?" என்று கேட்டு வந்தால் இந்த இடம் சரியாக அமையவில்லை என்று அர்த்தம். பழைய பாக்கெட்டை மறுபடி காட்டி, "இது அப்படியே இருக்கும்" என்று வாயாலும் சொல்லுங்கள், எழுத்திலும் போடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. எழுத்து நடுவில் இருக்கட்டும், அடியில் போட்டால் பதில் எழுதும் கட்டம் மறைத்துவிடும். மிச்சம் 3 நொடியில் எடை, விலை, கிடைக்கும் நாள்.

பாக்கெட்டில் புதினாவுக்கு அகலமான பச்சைப் பட்டை ஒட்டுங்கள். ஒரே அட்டையாக இருந்தால், வீடியோவைச் சரியாகப் பார்த்தவரும் கடையில் மாற்றி எடுத்துப்போவார்.

அனுப்புவதற்கு ஸ்டேட்டஸை மட்டும் நம்ப வேண்டாம், 24 மணி நேரத்தில் போய்விடும். பிராட்காஸ்ட் பட்டியலில் போடுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் இந்த மாத ஆர்டர் கொடுக்கும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த மாத ஆர்டருக்கு இரண்டு நாள் முன்பு வீடியோவை அனுப்புங்கள்.