ஊட்டிக் குளிரில் பாக்கெட் மாவா, பரோட்டாவா?

"ஊட்டியில் இருவரும் வேலைக்குப் போகிறோம். இட்லி மாவு, ஃப்ரோஸன் பரோட்டா, எதை வாங்கி வைக்கலாம்?"

மாவுக்கே முதல் இடம். ரெடிமேட் என்றால் சமையலில் ஒரு வேலையை வேறொருவர் முடித்துத் தருவது. நம் வீட்டில் எது சரிவராதோ அதை வாங்குவதுதான் லாபம். ஊட்டியில் சரிவராதது மாவைப் புளிக்கவைப்பது. மாவு நன்றாகப் பொங்க 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். டிசம்பர் இரவில் அங்கே 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். உறை ஊற்றிய பால் தோயாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். புளித்த மாவாகவே வாங்கி முதல் நாள் இட்லி ஊற்றுங்கள், புளிப்பு ஏறிய மிச்சம் தோசைக்கு.

பரோட்டா, கரண்ட் அடிக்கடி போகாத வீட்டுக்கு மட்டும். இளகி மறுபடி உறைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பாக்கெட்டுக்குள் பனித்துண்டுகள் தெரியும். கடையில் அப்படி இருக்கும் பாக்கெட்டை வாங்காதீர்கள்.

உப்பிய மாவு பாக்கெட்டெல்லாம் கெட்டதல்ல. அது புளிக்கும்போது வரும் வாயு. தேதி தாண்டியிருந்தாலோ, துர்நாற்றம், இளஞ்சிவப்புப் புள்ளி இருந்தாலோ கொட்டிவிட வேண்டும்.