சந்தையில் கருவாடு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: குடியாத்தம் சந்தையில் ஒரே நெத்திலிக் கருவாடு ஒரு கடையில் கிலோ 320, பக்கத்துக் கடையில் 400. மலிவானதை வாங்கலாமா? இறாலை எப்படிப் பார்ப்பது?

முதலில் ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்தது பட்டென்று முறியும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்தத் தண்ணீரையும் எடை போட்டுத்தான் விற்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம் உப்பு. நான் ஒருமுறை 320 ரூபாய்க் கருவாட்டில் கால் கிலோ, 80 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் முறத்தில் போட்டுப் புடைத்தால் உப்பும் மணலும் தலைத்தூளுமாக 60 கிராம் கழிந்தது. மிச்சம் 190 கிராம். கணக்குப் போட்டால் கிலோ 421 ரூபாய்! அதனால் ஒரு கைப்பிடி அள்ளி உதறுங்கள், உள்ளங்கையில் எவ்வளவு வெள்ளையாகத் தங்குகிறது என்று பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

கருவாடு என்றால் நாறத்தான் செய்யும். ஆனால் மூக்கைக் குத்தும் மூத்திர வாடை வேறு. அது கெட்டதன் அடையாளம். உப்புக் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்புத் திட்டு இருந்தாலும் வேண்டாம், அது உப்பிலும் வளரும் கிருமி.

இறாலுக்கு வாடைதான் முக்கியம், லேசான இனிப்பு வாசம் வர வேண்டும். கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தால் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் சாயம் ஒட்டினால் வைத்துவிட்டு நகருங்கள்.