பெரிய மெயில்பெட்டி வாங்கினால் அறிக்கை வந்துவிடுமா?

கேள்வி: எங்கள் விற்பனை மென்பொருள் மாதந்தோறும் 1ஆம் தேதி எக்செல் அறிக்கையைத் தானாக மெயிலில் அனுப்பும். போன மாதம் 18 எம்பி, எல்லோருக்கும் வந்தது. இந்த மாதம் 19 எம்பி. கணக்காளருக்கு வந்துவிட்டது, தணிக்கையாளருக்குப் போகாமல் திரும்பிவிட்டது. அவருடைய வரம்பு 25 எம்பியாம். மெயில் சேவை விற்பவர் அதிக இடமுள்ள திட்டத்துக்கு மாறச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பெட்டியில் மொத்தம் எவ்வளவு இடம் என்பது ஒரு கணக்கு. ஒரே மெயில் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது வேறு கணக்கு. முதலாவதற்குப் பணம் கட்டினால் இரண்டாவது மாறாது. அதுவும் இங்கே தடுத்திருப்பது தணிக்கையாளரின் சர்வர் என்றால், நீங்கள் எந்தத் திட்டம் வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது.

எது காரணம் என்பதைத் திரும்பி வந்த மெயிலிலேயே பார்த்துவிடலாம். அதில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
552 5.3.4 Message size exceeds fixed limit
```

5.3.4 அல்லது 5.2.3 என்று இருந்தால் மெயில் பெரிது என்று பொருள். 5.2.2 என்று இருந்தால்தான் பெறுபவரின் பெட்டி நிரம்பியிருக்கிறது. அப்போதும் இடம் தேவைப்படுவது அவருக்குத்தான், உங்களுக்கு அல்ல. அந்த வரிக்குப் பக்கத்தில் எந்த சர்வர் மறுத்தது என்ற பெயரும் பெரும்பாலும் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, 25 எம்பி வரம்பில் 19 எம்பி ஏன் நுழையவில்லை? மெயில் எழுத்துகளைக் கொண்டுபோகவே உருவானது. அதனால் இணைப்புக் கோப்பு பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கிறது. மூன்று பைட் நான்காகும். வரி முறிவுகளையும் சேர்த்தால் கோப்பு ஏறக்குறைய 37 சதவீதம் பெரிதாகும். உங்கள் 18 எம்பி வழியில் 24.7 எம்பி ஆகி, மயிரிழையில் தப்பியது. 19 எம்பி 26ஐத் தொட்டுவிட்டது. கணக்காளரின் சர்வரில் வரம்பு கூடுதலாக இருந்திருக்கும், அதனால் அவருக்கு மட்டும் வந்தது.

ஜிப் செய்து அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். எக்செல்லின் xlsx கோப்பே உள்ளுக்குள் ஒரு ஜிப்தான், மறுபடி சுருக்கினால் பெரிதாக எதுவும் குறையாது. வெறும் csv ஆக எடுத்து ஜிப் செய்தால் நன்றாகச் சுருங்கும். ஆனால் அறிக்கை மாதாமாதம் வளர்கிறதென்றால் அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். கோப்பைத் துண்டாக்கி அனுப்பும் வழியை நான் சொல்லவே மாட்டேன். ஒரு துண்டு வராமல் போனால் கூட்டுத்தொகை தப்பாகும், அது யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

நல்ல வழி, மெயிலில் நாலைந்து முக்கிய எண்களை மட்டும் எழுதி, முழு அறிக்கைக்கு லிங்க் கொடுப்பது. குறித்த தேதியில் தானாக அறிக்கை அனுப்பும் பல மென்பொருள்களில் இதற்கு வசதி உண்டு. அமைப்புகளில் தேடுங்கள், இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள். கேட்கும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில், லிங்க் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை தரும், குறித்த காலம் மட்டும் திறக்கும் கையொப்பமிட்ட லிங்க் அதிகபட்சம் 7 நாள்தான். தணிக்கையாளர் 10ஆம் தேதி திறந்தால் வெறும் பிழைச் செய்திதான் வரும். மாத அறிக்கைக்கு அடுத்த அறிக்கை வரும்வரையாவது லிங்க் வேண்டும். அப்புறம், யார் திறக்கலாம் என்பது. லிங்க் வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்றால் விற்பனைக் கணக்குக்கு அது ஆகாது, பெயர் சொல்லி அனுமதி கொடுத்த கோப்புறைதான் சரி. ஒரே முறை திறக்கும் லிங்க் பாதுகாப்பானதுபோலத் தோன்றும். ஆனால் சில அலுவலகங்களின் மெயில் பாதுகாப்பு மென்பொருள் வரும் லிங்க்கை முன்கூட்டியே திறந்து சோதிக்கும். தணிக்கையாளர் சொடுக்குவதற்குள் அந்த ஒரு முறை தீர்ந்திருக்கும்.

மூன்றாவதைப் பலரும் கேட்பதில்லை: திரும்பி வரும் மெயில் யாருக்குப் போகிறது? தானியங்கி அறிக்கைகள் பெரும்பாலும் பதில் ஏற்காத முகவரியிலிருந்து கிளம்பும். தோல்விச் செய்தி அங்கேயே போய் யாரும் படிக்காமல் கிடக்கலாம். தோல்வியானால் உங்கள் முகவரிக்குத் தகவல் வருமாறு அமைத்துத்தரச் சொல்லுங்கள்.

இந்த மாத அறிக்கையை இன்றைக்கே அனுமதி கொடுத்த பகிர்வுக் கோப்புறையில் போட்டு, தணிக்கையாளருக்கு லிங்க் அனுப்பிவிடுங்கள். அடுத்த 1ஆம் தேதிக்கு முன் ஒருமுறை கையால் அறிக்கையை இயக்கி, அவர் தன் கணக்கிலிருந்து அதைத் திறக்க முடிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.