மாத்திரை தின்னும் எரிச்சல் போகல

"மார்த்தாண்டத்துல இருக்கேன். பத்து நாளா மூத்திரம் போனா எரியுது, மஞ்சளா சீழ் வந்துச்சு. மெடிக்கல்ல அசித்ரோமைசின் வாங்கித் தின்னேன், சீழ் குறைஞ்சுது. இனி டெஸ்ட் வேணுமா?"

கண்டிப்பா வேணும் தம்பி. மஞ்சள் சீழ்னா பெரும்பாலும் கொனோரியா, கூடவே கிளமிடியாவும் இருக்கலாம்; ரெண்டும் உறவுல தொத்துற நோய். அசித்ரோமைசின் மட்டும் கொனோரியாவுக்குப் போதாது. சீழ் வத்தினாலும் கிருமி உள்ளேயே கிடக்கும். விட்டா விதைப்பையில வீக்கம், பிறகு மூத்திரக்குழாய் சுருங்கி நூலா சொட்டும்.

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுல பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்க. தின்ன மாத்திரையைச் சொல்லணும். ரெண்டு மணி நேரம் மூத்திரம் போகாம இருந்து, முதல்ல வர்ற 20 மில்லியைப் பிடிச்சுக் குடுங்க. நடுவுல வர்றதுல கிருமி குறைவு. எச்.ஐ.வி., சிபிலிஸுக்கு ரத்தமும் குடுங்க. துணைக்கும் மருந்து வேணும், இல்லேன்னா திரும்ப உங்களுக்கே வரும். ரெண்டு பேரும் மருந்து முடிச்சு ஏழு நாள் வரை உறவு வேண்டாம்.