மாதம் 2,000 ரூபாய்: யூனிட் கணக்கு

கேள்வி: காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதச் சம்பளம் 22,000. மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியில் மாதம் 2,000 போட்டால் என்ன வட்டி கிடைக்கும்?

பதில்: வட்டியே கிடையாது. வட்டிக் கணக்கில் ஊறிய நம் செட்டிநாட்டில் இதை ஏற்பது சற்றுக் கடினம்தான். உங்கள் பணம் அன்றைய விலைக்கு யூனிட்டுகளாக, அதாவது அந்த ஃபண்டின் சிறு பங்குகளாக மாறும், அவ்வளவே.

பங்குச் சந்தை ஃபண்ட் ஒன்றின் யூனிட் விலை நான்கு மாதங்களில் 50, 40, 32, 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைப்பவை 40, 50, 62.5, 50 யூனிட்டுகள். மொத்தம் 202.5. போட்டது 8,000, கடைசி மாத விலையான 40-இல் மதிப்பு 8,100. விலை பழைய 50-ஐத் தொடவே இல்லை, ஆனாலும் நட்டமில்லை. விலை குறைந்த மாதத்தில் அதே 2,000 அதிக யூனிட்டுகளை வாங்கியதுதான் காரணம். 8,000-ஐ முதல் மாதமே மொத்தமாகப் போட்டவரிடம் இப்போது 6,400தான் இருக்கும்.

பலர் கோட்டைவிடுவது மூன்றாம் மாதத்தில். 32-ஐப் பார்த்துப் பயந்து நிறுத்தியவரிடம் 90 யூனிட்டுகளே இருக்கும். போட்ட 4,000 இப்போது 3,600.

விலை ஏறிக்கொண்டே போனால் மொத்தமாகப் போட்டவரே முந்துவார். இறங்கியது மீளாவிட்டால் எஸ்ஐபியும் காப்பாற்றாது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள்.

பிடித்தம் செய்யும் தேதியைச் சம்பளத்துக்கு மூன்று நாள் தள்ளி வையுங்கள். கணக்கில் பணமில்லாவிட்டால் வங்கி அபராதம் பிடிக்கும்.